கொஞ்சம் பாத்துக்கோ

வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் சீனியர் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எனக்குக் கீழே வேலை பார்க்கும் பெண் கெட்டிக்காரி. ஒரு ஆர்டரில் மூன்று கலர். மெரூனும் மஞ்சளும் அப்ரூவ் ஆகிவிட்டன. நேவி லேப் டிப்பை, அதாவது ஒப்புதலுக்காகச் சாயமேற்றி அனுப்பும் சின்ன மாதிரித் துணியை, பையர் திங்கட்கிழமை ரிஜெக்ட் செய்தார். எனக்குத் தெரிந்தது வியாழக்கிழமை. சாயப்பட்டறையில் எங்களுக்கு ஒதுக்கியிருந்த நாள் போய், துணி ஆறு நாள் தள்ளிப்போனது. வாட்ஸப்பில் இப்படி எழுதினேன்:

"குட் மார்னிங்மா. போன வாரம் பையர் விசிட்டை சூப்பரா ஹேண்டில் பண்ணுனே, எம்.டி.யே சொன்னாரு. சாம்பிள் ஃபைல் எல்லாம் பக்கா. ஆனா நேவி ரிஜெக்ட் ஆனது எனக்கு வியாழக்கிழமைதான் தெரிஞ்சது, கொஞ்சம் பாத்துக்கோ. மெயில் சப்ஜெக்ட்ல ஸ்டைல் நம்பர் போடு. லஞ்ச்சுக்குப் போனா வர லேட் ஆகுது. மத்தபடி நீ டீமுக்கு ஒரு அசெட். கீப் இட் அப்."

"தேங்க்ஸ் சார்" என்று ஒரு கும்பிடு வந்தது. பத்து நாளில் இன்னொரு ஸ்டைலில் அதே கதை. திட்டாமலும், சொல்ல வந்தது விட்டுப்போகாமலும் இதை எப்படி எழுதியிருக்க வேண்டும்?

— பெயர் வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பெண் சரியான பதிலைத்தான் அனுப்பியிருக்கிறார். நீங்கள் அனுப்பியது ஒரு பாராட்டுக் கடிதம்.

நான் உதவி ஆசிரியராக இருந்த காலத்தில் என் மேலாளர் ஒரு துண்டுச் சீட்டு அனுப்பினார். என் தலைப்புகளைப் புகழ்ந்து மூன்று வரி, புள்ளிவிவரங்களைச் சரிபார்க்கும்படி அரை வரி. சீட்டை டைரியில் ஒட்டி வைத்திருந்தேன். அந்த அரை வரி கண்ணில் பட்டது, தவறான எண் அச்சாகி மறுப்பு வெளியிட்ட பிறகுதான்.

உங்கள் செய்தியில் ஆறு நாள் தாமதம் எங்கே இருக்கிறது? எங்குமே இல்லை. எனக்கு எழுதும்போது சாயப்பட்டறை நாள் போனதைச் சொன்னீர்கள். அவருக்கு "கொஞ்சம் பாத்துக்கோ" மட்டும்தான். எதைப் பார்த்துக்கொள்வது? அடுத்த லேப் டிப் ரிஜெக்ட் ஆகாமல் பார்த்துக்கொள்வதா, உங்களிடம் சொல்வதையா? முதலாவது என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தால், அடுத்த ரிஜெக்ட்டை இன்னும் கவனமாக மறைத்திருப்பார். அதன் பக்கத்திலேயே சப்ஜெக்ட் லைனும் சாப்பாட்டு நேரமும் உட்கார்ந்திருக்கின்றன. மூன்றும் ஒரே உயரம். எது பெரியது என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கடைசியில் "மத்தபடி". தமிழில் இந்த ஒரு சொல், முன்னால் சொன்னதையெல்லாம் சில்லறை ஆக்கிவிடும்.

எழுதும் முன் ஒன்று செய்யுங்கள். போனைக் கீழே வைத்த பிறகு அவருக்கு ஒரே ஒரு வரிதான் நினைவிருக்கும் என்றால் அது எந்த வரி? அதை முதலில் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் விஷயத்தில் அது: ரிஜெக்ட் வந்தால் அன்றைக்கே எனக்குச் சொல். இந்த வரிக்கு உதவாததெல்லாம் இந்தச் செய்தியிலிருந்து வெளியே போக வேண்டும். ஸ்டைல் நம்பர் எல்லோருக்குமான விதி, அதை டீம் குரூப்பில் போடுங்கள். எம்.டி. சொன்னதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து ஒரு குறைக்கு முன்னால் வைத்தால் அது பாராட்டாகத் தெரியாது, ஊசிக்கு முன் தடவும் பஞ்சு மாதிரி ஆகிவிடும். இரண்டு முறை அப்படிச் செய்தால் உங்கள் "குட் மார்னிங்மா"வுக்கே அவர் பயப்பட ஆரம்பிப்பார்.

"அசெட்" வேண்டவே வேண்டாம். 1996இல் க்ளூகர், டெனிசி என்ற இரண்டு உளவியலாளர்கள், வேலையைப் பற்றிக் கருத்துச் சொல்வது குறித்த பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில், கருத்துச் சொன்ன பிறகு வேலை மோசமாகியிருந்தது. கவனம் வேலையை விட்டு "நான் எப்படிப்பட்டவள்" என்பதன் பக்கம் நகர நகரப் பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். திட்டு மட்டும் அல்ல, ஆளைப் புகழ்வதும் கவனத்தை அங்கேதான் கொண்டுபோகும்.

அதற்காகப் பாராட்டையே வெட்டச் சொல்லவில்லை. பையர் வந்தபோது அவர் குறிப்பாக என்ன செய்தார் என்று உங்களைத் தனியாகக் கேட்டேன் அல்லவா? துணிச் சுருக்கம் பற்றிப் பையர் வாயைத் திறக்கும் முன்பே டெஸ்ட் ரிப்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்தார் என்றீர்கள். பாருங்கள், "சூப்பரா ஹேண்டில் பண்ணுனே"யில் இது இல்லவே இல்லை. நேவி விஷயத்தில் அவரிடம் இல்லாமல் போனதும் இதே குணம்தான். என் திருத்தம் இது:

"நேவி லேப் டிப் பத்திச் சொல்லணும்மா. திங்கக்கிழமை ரிஜெக்ட் ஆயிருக்கு, எனக்கு வியாழக்கிழமைதான் தெரிஞ்சது. அன்னைக்கே தெரிஞ்சிருந்தா, நேவியைத் தள்ளி வச்சுட்டு நம்ம டேட்ல மெரூனையும் மஞ்சளையும் சாயத்துக்கு ஏத்தியிருப்பேன். இப்ப துணி ஆறு நாள் லேட். இனிமே ரிஜெக்ட் மெயில் வந்தா அன்னைக்கே எனக்கு ஒரு வரி போட்டுரு, சரிபண்ணிட்டுச் சொல்லலாம்னு வெயிட் பண்ண வேண்டாம். பையர் கேக்குறதுக்கு முன்னாடியே ஷ்ரிங்கேஜ் ரிப்போர்ட்டை எடுத்து வச்சே பாரு, அந்த முன்யோசனை எனக்கு இதுலயும் வேணும். திங்கக்கிழமை எங்கிட்டச் சொல்றதுக்கு எது தடையா இருந்துச்சு?"

பூட்டிய போனில் தெரிவது செய்தியின் முதல் ஒன்றிரண்டு வரிதான். முன்பு அங்கே குட் மார்னிங்கும் சூப்பரும் இருந்தன, இப்போது நேவி இருக்கிறது. பாராட்டு குறைக்குப் பின்னால் வந்தாலும் குறையை அழிக்கவில்லை, ஏனென்றால் "இதுலயும்" என்ற சொல் திரும்பவும் நேவிக்கே இழுத்துக்கொண்டு வருகிறது. எடைக்கு எடை தராசில் வைப்பதல்ல சமநிலை. பாராட்டு ஒரு வரி, குறை நான்கு வரி. ஆனால் இரண்டும் நடந்தவை, இரண்டும் அவர் கண்ணால் பார்த்தவை.

கடைசிக் கேள்வியை அலங்காரமாக வைக்கவில்லை. அதற்கு "தேங்க்ஸ் சார்" என்று பதில் போட முடியாது. கும்பிடு மட்டும் வந்தால் செய்தி போய்ச் சேரவில்லை என்று அர்த்தம், எழுந்து அவர் மேஜைக்குப் போங்கள். அவர் என்ன பதில் சொல்வார் என்று நாம் முடிவுகட்ட வேண்டாம். "மெயிலைப் பாக்கலை சார்" என்றால் அது ஒரு வியாதி. "உங்ககிட்டச் சொன்னா சத்தம் போடுவீங்கன்னு" என்றால் வியாதி உங்களுடையது.

நடை பற்றி ஒன்று. அவரை எப்போதும் "நீ, ம்மா" என்றுதான் பேசுவீர்கள் என்றால் இதிலும் அப்படியே இருக்கட்டும். குறை சொல்லும் அன்று மட்டும் "நீங்கள்" ஆகிவிட்டால், வேலைக்கே ஆபத்து என்று நினைத்துவிடுவார்.

இது முதல் தடவைக்கு எழுதியிருக்க வேண்டிய செய்தி. இப்போது இரண்டாவது முறை நடந்துவிட்டது, இனி வாட்ஸப் போதாது. நேரில் உட்காருங்கள். உங்கள் பழைய செய்தியில் விஷயம் தெளிவாக இல்லை என்பதை நீங்களே முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு மேலே உள்ளதை வாயால் சொல்லுங்கள். பேசி முடித்ததும் அந்த "அன்னைக்கே ஒரு வரி" என்பதை மட்டும் வாட்ஸப்பில் போட்டுவிடுங்கள்.

சாப்பாட்டு நேரம் பற்றி அன்றைக்கு வாய் திறக்காதீர்கள்.

அன்புடன்.