பள்ளி அணிக்கு ஸோனா, மேன் டு மேனா?

கேள்வி: 14 வயதுக்குட்பட்டோர் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். 2-3 ஸோன் ஆடினால் ஜெயிக்கிறோம், மேன் டு மேன் ஆடினால் பிள்ளைகள் ஆளைக் கோட்டை விடுகிறார்கள். எதில் நிற்பது?

முதல் பருவம் முழுவதும், ஆளுக்கு ஓர் எதிராளியைக் காக்கும் மேன் டு மேனையே பழக்குங்கள். ஆளை விட்டு ஆளுக்கொரு இடத்தைக் காக்கும் ஸோனை அதன் மேல் கட்டிக்கொள்ளலாம்.

இந்த வயதில் ஸோன் ஜெயித்துக் கொடுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் எதிரணியின் பலவீனம்தான். மூன்று புள்ளிக்கான 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தால் பல சிறுவர்களுக்குப் பந்து வளையத்தைத் தொடுவதே அபூர்வம். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகும் பாஸும் மேலெழும்பி மெதுவாக வருவதால், நம் பிள்ளைகள் நடந்துபோய்க்கூட இடத்தை அடைத்துவிடுகிறார்கள். இரண்டு ஆண்டுகளில் அதே எதிரணிக்குத் தோள்வலு வந்துவிடும், அப்போது உங்கள் பிள்ளைகளிடம் மாற்று வழி எதுவும் இருக்காது.

இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். ஒரு போட்டியின் முதல் இரண்டு ஆட்டங்களில் 2-3 ஸோனை வைத்தே ஜெயித்திருந்தோம். மூன்றாவது ஆட்டத்தில் எதிரணிப் பயிற்சியாளர் தம் உயரமான பையனை ஃப்ரீ த்ரோ கோட்டின் நடுவில் நிறுத்தினார். முன்வரிசை இருவருக்கும் பின்வரிசை மூவருக்கும் இடையில் இருக்கும் அந்த இடம்தான் 2-3 அமைப்பின் ஓட்டை. அவனிடம் பந்து போனதும் எங்கள் சென்டர் மேலே ஏறினான். அவன் ஏறிய கணத்தில், பேஸ்லைன் ஓரமாக எங்கள் ஃபார்வர்டின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த இன்னொரு பையனுக்குப் பந்து இறங்கியது. கூடைக்கடியில் காவல் இல்லாத லே-அப். இதே பாஸ் திரும்பத் திரும்பப் போயிற்று. "கையைத் தூக்கு" என்று நான் கத்திக்கொண்டிருந்தேனே ஒழிய, கோளாறு கையில் இல்லை. சென்டர் ஏறும்போது இரண்டு ஃபார்வர்டுகளும் உள்ளே ஒடுங்கிக் கூடையின் இருபுறத்தையும் அடைத்திருக்க வேண்டும். அவர்களோ பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் ஒருவன் இருக்கிறான் என்று பார்க்கும் பழக்கமே அவர்களுக்கு இல்லை.

அந்தப் பழக்கத்தை மேன் டு மேன்தான் கற்றுக்கொடுக்கிறது. உங்கள் பிள்ளைகள் ஆளைக் கோட்டை விடுவதற்குக் காரணம், "உன் ஆளை விடாதே" என்பதை மட்டும் கேட்டு அவன் கூடவே ஒட்டிக்கொண்டு ஓடுவதாக இருக்கலாம். பந்து எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து நிற்கும் இடம் மாற வேண்டும். பந்து வைத்திருப்பவனை ஒரு கை நீளத்தில் மறியுங்கள். ஒரு பாஸ் தள்ளி நிற்பவனைக் காப்பவன் பாஸ் வரும் வழியில் கையை நீட்டி நிற்கட்டும். பந்துக்கு எதிர்ப்பக்கம் இருப்பவனைக் காப்பவனோ தன் ஆளை விட்டு விலகி, ஒரு காலைக் கூடைக்கு முன்னாலுள்ள பெயின்ட் கட்டத்துக்குள் வைத்து, பந்தும் ஆளும் ஒரே பார்வையில் தெரியும்படி நிற்க வேண்டும்.

இதைச் சோதிப்பது எளிது. அரை மைதானத்தில் நான்குக்கு நான்கு நிறுத்தி, எதிரணி டிரிபிள் செய்யாமல் பாஸ் மட்டும் போடட்டும். திடீரென்று விசில் ஊதுங்கள். காப்பவர்கள் நால்வரும் அப்படியே நின்று ஒரு கையால் பந்தையும் மறு கையால் தம் ஆளையும் தலையைத் திருப்பாமல் சுட்டிக்காட்ட வேண்டும். எவன் தலையைத் திருப்புகிறானோ அவன்தான் ஆட்டத்தில் ஆளைக் கோட்டை விடுபவன். என் அணியில் இது சரியாக வருவதற்குச் சுமார் ஆறு வாரம் பிடித்தது. அதுவரை தோற்கவும் செய்தோம். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

இது படிந்த பிறகு ஸோன் சொல்லிக்கொடுப்பது பாதி வேலைதான், ஏனென்றால் எதிர்ப்பக்கத்தில் விலகி நிற்பவன் ஏற்கெனவே ஸோன் ஆட்டக்காரனைப் போலத்தான் நிற்கிறான். புதிதாகச் சொல்ல வேண்டியது ரீபவுண்ட். மேன் டு மேனில் பந்து எறியப்பட்டதும் முதுகால் தடுக்க அவரவர்க்கு ஓர் ஆள் இருக்கிறான். ஸோனில் அப்படி யாரும் ஒதுக்கப்படவில்லை. ஆகவே பந்து மேலே போனதும் அருகில் யார் இருந்தாலும் அவனை முதலில் உடம்பால் தொட வேண்டும், பந்தை அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று பழக்குங்கள்.

ஸோனை எப்போது எடுப்பது? நான் எடுப்பது பெரும்பாலும் ஃபவுல் கணக்கைப் பார்த்து. ஒரு குவார்ட்டரில் அணியின் ஃபவுல் நான்கைத் தொட்டுவிட்டால், அதற்கு மேல் நாம் தடுக்கும்போது செய்யும் ஒவ்வொரு ஃபவுலும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. முக்கியமான ஆட்டக்காரனுக்கே நான்கு ஃபவுல் ஆகியிருந்தால் ஐந்தாவதோடு அவன் வெளியே. அப்போது அவனைப் பின்வரிசையின் ஓரத்தில், எதிரணியின் டிரிபிள் குறைவாக வரும் பக்கமாக, நிறுத்தி 2-3 ஆடுவேன். ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் பந்து இரண்டு முறை சுத்தமாகப் போய்விட்டாலோ, கார்னரிலிருந்து ஒரே பையன் இரண்டு எறிதலைப் போட்டுவிட்டாலோ, அடுத்த டைம் அவுட்டுக்குக் காத்திராமல் பழையபடி மேன் டு மேனுக்கு மாறச் சைகை காட்டிவிடுவேன்.