முகமாற்றம்: சொந்தக் கணினியிலா, கிளவுடிலா?

"போட்டோவில் முகம் மாற்ற கணினியிலேயே மென்பொருள் போடலாமா, கிளவுட் சேவை நல்லதா?"

முகமாற்றம் என்பது ஒரு போட்டோவின் முகத்தை இன்னொன்றில் பொருத்துவது. குரூப் போட்டோவில் அப்பா கண் மூடிவிட்டால், அவருடைய வேறு படத்திலிருந்து எடுத்து ஒட்டுவது போல. இதற்கெல்லாம் சொந்தக் கணினியே போதும் என்பேன். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாவிட்டாலும் ஒரு படம் சில நொடிகளில் முடியும், படமும் வீட்டை விட்டுப் போகாது.

வீடியோ வேறு கதை. நொடிக்கு 30 பிரேம் என்றால் 10 நொடிக்கு 300 படங்கள். ஒன்றுக்கு 2 நொடி வைத்தாலும் 10 நிமிடம். அப்போது கிளவுட் வேகம், காசுதான் ஆகும். வீட்டு மிக்ஸியும் மாவு மில்லும் மாதிரி. ஆனால் மில்லில் பக்கத்தில் நின்று பார்க்கலாம், நம் படம் போய்ச் சேரும் கிளவுட் நிறுவனத்தின் சர்வரில் அப்படிப் பார்க்க முடியாது.

கிளவுட் சேவையின் செயலியை அழித்தால் படமும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். சர்வரில் ஏற்றிய நகலைத் தனியாகத்தான் நீக்க வேண்டும்.