ஐயக்கடன் ஒதுக்கு: வயதுப் பட்டியலும் திரும்பி வந்த பணமும் (கேள்வி பதில்)

இன்று ஐயக்கடன் ஒதுக்கு மட்டும், அதாவது வராமல் போகலாம் என்று தோன்றும் கடனுக்காக முன்கூட்டியே எடுத்து வைக்கும் தொகை. வரி, வழக்கு, வட்டி பற்றிய கேள்விகளுக்கு நான் சரியான ஆள் இல்லை.

புதிய கணக்கர்: சார், ஆண்டுக் கடைசியில் வயதுப் பட்டியல் போட்டேன். 29,500 வந்தது. அதையே செலவாக எழுதினேன். ஆனால் இருப்பாய்வில் ஒதுக்கு 25,500 என்றுதான் நிற்கிறது. 4,000 எங்கே போனது?

உங்கள் பட்டியலையும் ஒதுக்குக் கணக்கையும் பார்த்தேன். பாக்கிகளைத் தவணை தாண்டிய நாட்கள்படி பிரிக்கும் அந்தப் பட்டியலில் தப்பில்லை. தவணை வராதது 3,00,000-க்கு 1 சதவீதம், 30 நாள் வரை தாண்டியது 1,00,000-க்கு 4, 60 நாள் வரை 50,000-க்கு 10, 90 நாள் வரை 30,000-க்கு 25, அதற்கும் மேல் 20,000-க்கு 50. கூட்டினால் 29,500 சரிதான்.

பிசகு அடுத்த படியில். வயதுப் பட்டியல் சொல்வது, ஆண்டு இறுதியில் ஒதுக்கில் எவ்வளவு நிற்க வேண்டும் என்பதை. எவ்வளவு செலவு எழுத வேண்டும் என்று அது சொல்லாது. செலவு என்பது, இப்போது இருப்பதற்கும் நிற்க வேண்டியதற்கும் நடுவே உள்ள இடைவெளி.

உங்கள் ஒதுக்கு 18,000 வரவு இருப்போடு ஆண்டைத் தொடங்கியது. நடுவில் 22,000-ஐ இனி வராது என்று போக்கெழுதியிருக்கிறீர்கள். அதற்கான பதிவு:

ஒதுக்குக் கணக்கு, பற்று 22,000
வாடிக்கையாளர் கணக்கு, வரவு 22,000

இதில் செலவுக் கணக்கு வரவே இல்லை, கவனியுங்கள். போக்கெழுதிய நாளில் லாபம் அசையாது. நிகரக் கடனாளிகள் தொகையும் அசையாது, ஏனென்றால் கடனும் ஒதுக்கும் ஒரே அளவு குறைகின்றன. ஆனால் 18,000-லிருந்து 22,000 எடுத்தால் ஒதுக்கு 4,000 பற்று இருப்புக்குப் போய்விடும். அங்கிருந்து 29,500 வரவுக்கு ஏற, 33,500 செலவு எழுத வேண்டும். நீங்கள் எழுதியது 29,500. அந்த 4,000 எங்கும் போகவில்லை, ஏற்கெனவே இருந்த பள்ளத்தை நிரப்பியது.

பள்ளம் விழுந்தது எதனால் என்பதையும் பாருங்கள். அந்த 22,000-இல் ஆண்டுத் தொடக்கத்திலேயே பாக்கியாக இருந்தது எவ்வளவு என்று பிரித்தெடுங்கள். அது மட்டுமே 18,000-ஐத் தாண்டினால், போன ஆண்டின் சதவீதங்கள் குறைவு என்று அர்த்தம். ஆண்டுக்கு நடுவில் விற்று நடுவிலேயே மூழ்கிய கடன் என்றால் பழைய சதவீதத்தைக் குறை சொல்ல முடியாது.

கல்லூரி மாணவி: ஒதுக்கு 18,000-லிருந்து 29,500 ஆக வேண்டும். அப்படியென்றால் கூடுதல் ஒதுக்கு 11,500 தானே சார்? எங்கள் வகுப்பில் அப்படித்தான் போடுவோம்.

உங்கள் வகுப்பில் வாராக்கடன் 22,000-ஐத் தனியாக லாப நட்டக் கணக்கின் பற்றுப் பக்கம் கொண்டுபோவீர்கள். அதோடு 11,500 சேர்த்தால் 33,500. வேறு பாதையில் போனாலும் அதே தொகை. 22,000-ஐ ஒதுக்கிலிருந்து கழித்துவிட்டு 11,500 மட்டும் எழுதினால்தான் கணக்கு கவிழும். இரண்டு முறையையும் கலக்காதீர்கள்.

கடை வைத்திருப்பவர்: என் நண்பர் ஒருவர் மூன்று வருடமாகப் பணம் தரவில்லை. போக்கெழுதிவிட்டால் அவரிடம் இனி கேட்க முடியாதா?

கேட்கலாம். போக்கெழுதுவது உங்கள் புத்தகத்துக்குள் நடப்பது. அவரோடு உள்ள கடன் அதனால் தீராது. தள்ளுபடி செய்வதாக நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது வேறு விஷயம், வழக்கறிஞரைக் கேளுங்கள்.

புதிய கணக்கர்: மீண்டும் நான்தான். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்த 22,000-இல் ஒரு வாடிக்கையாளரின் 9,000 இருந்தது. ஆண்டு முடியும் முன்பே அவர் 6,000 அனுப்பிவிட்டார். நான் உதிரி வருமானத்தில் போட்டேன்.

உதிரி வருமானத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டு படியாக எழுதுங்கள். முதலில் கடனை உயிர்ப்பித்தல்:

வாடிக்கையாளர் கணக்கு, பற்று 6,000
ஒதுக்குக் கணக்கு, வரவு 6,000

அப்புறம் பணம்:

வங்கிக் கணக்கு, பற்று 6,000
வாடிக்கையாளர் கணக்கு, வரவு 6,000

வாடிக்கையாளர் கணக்கு கடைசியில் சுழிதான், எதற்கு இந்தச் சுற்று என்று கேட்பார்கள். நாளைக்கு அவர் மறுபடி கடனுக்குச் சரக்கு கேட்கும்போது, கடன் கொடுப்பதை முடிவு செய்பவர் அவருடைய பேரேட்டைத்தான் திறப்பார். "போக்கெழுதியது 9,000" என்ற வரி மட்டும் இருந்தால் ஒரு கதை. கீழே 6,000 கட்டியதும் தெரிந்தால் வேறு கதை.

9,000 முழுவதையும் உயிர்ப்பிக்காதீர்கள். மீதி 3,000-க்கு உறுதியான பேச்சு ஏதாவது இருந்தால் மட்டும் செய்யலாம். அப்படிச் செய்தால் அது பழைய தவணைத் தேதியோடுதான் திரும்ப வர வேண்டும், அதாவது 90 நாள் தாண்டிய வரிசைக்கு. புதுக் கடன் போல 1 சதவீத வரிசையில் உட்காரக் கூடாது.

இன்னொன்றை எப்போதும் சொல்வேன், இப்போதும் சொல்கிறேன். போக்கெழுதுபவரும் பணம் வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. போக்கெழுதிய கடனை யாரும் எதிர்பார்ப்பதில்லை. வந்த பணம் பைக்குள் போனாலும் எந்தப் பட்டியலிலும் குறை தெரியாது.

தணிக்கை உதவியாளர்: இதை ஏற்க முடியவில்லை. வாராக்கடன் வசூல் என்பது வருமானம். அதை ஒதுக்கில் புதைத்தால் லாபம் 6,000 குறைத்துக் காட்டப்படும்.

குறையாது. போட்டுப் பாருங்கள். ஒதுக்கில் வரவு வைத்தால் 4,000 பற்று இருப்பு 2,000 வரவாக மாறுகிறது. 29,500-க்கு ஏற 27,500 செலவு போதும். உங்கள் முறையில் செலவு 33,500, வருமானம் 6,000, நிகரம் 27,500. இறுதி இருப்பை வயதுப் பட்டியல் கட்டிப்போட்டுவிட்டதால், வழியில் எங்கே வரவு வைத்தாலும் ஆண்டின் லாபம் ஒன்றுதான்.

தணிக்கை உதவியாளர்: ஆண்டுக் கணக்கில் சரி. மாதக் கணக்கு? இரண்டாம் மாதத்தில் 6,000 வந்தால், பட்டியல் போடும் வரை அந்த லாபம் தெரியாதே.

அது நியாயம். பட்டியலை ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் போடுபவரின் மாத அறிக்கையில் வித்தியாசம் வரும். மாதாமாதம் போடுபவருக்கு வராது. நீங்கள் சொல்ல வந்தது இன்னொரு இடத்திலும் பொருந்தும். விற்பனையில் இத்தனை சதவீதம் என்று செலவை நேரடியாக நிர்ணயிப்பவர்களுக்கு, ஒதுக்கில் வைத்த வசூல் அந்த ஆண்டு லாபத்தை எட்டவே எட்டாது. ஒதுக்கு வீங்கிக்கொண்டே போகும். அங்கே உங்கள் சந்தேகம் சரி, இங்கே இல்லை.

கணக்கு ஆசிரியர்: லாபம் ஒன்றுதான் என்றாலும், அறிக்கையைப் படிப்பவருக்கு 33,500 இழப்பும் 6,000 வசூலும் தனித்தனியாகத் தெரிவதுதானே நல்லது? 27,500 என்ற ஒற்றை எண் இரண்டையும் மறைக்கிறது.

குறிப்பில் ஒதுக்கின் அசைவைக் காட்டினால் போதும் என்பேன்: தொடக்கம் 18,000, போக்கெழுதியது 22,000, வசூல் 6,000, ஆண்டின் செலவு 27,500, இறுதி 29,500. எல்லாமே அதில் தெரிகிறது. குறிப்பை யார் படிக்கிறார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தணிக்கை உதவியாளர்: நான் இன்னும் தனிக் கணக்குதான் கேட்பேன்.

கேளுங்கள். வாராக்கடன் வசூல் என்று தனிக் கணக்கு திறந்தால் நான் சண்டைக்கு வர மாட்டேன். உதிரி வருமானத்தில் பழைய காகிதம் விற்ற பணத்தோடு கலந்தால் வருவேன்.

பெயர் சொல்லாதவர்: பட்டியலில் 40,000 வந்தது. செலவு 40,000 எழுதலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

இன்னொருவர்: எங்களுக்குப் பட்டியலில் 12,000, ஒதுக்கில் ஏற்கெனவே 15,000 வரவு இருக்கிறது. இந்த ஆண்டு பதிவே வேண்டாம் அல்லவா?

வேண்டும். ஒதுக்கைப் பற்று வைத்து 3,000 திருப்புங்கள், செலவு குறையும். பட்டியல் தருவது இறுதி இருப்பு. நானும் எத்தனை முறைதான் சொல்வது!

வசூல் பிரிவில் இருப்பவர்: ஐ.எஃப்.ஆர்.எஸ். 9 என்ற பன்னாட்டுக் கணக்குத் தரநிலை வந்த பிறகு, தவணையே வராத கடனுக்கும் ஒதுக்க வேண்டும் என்கிறார்களே. இன்னும் தவறாத ஆளை ஏன் சந்தேகப்பட வேண்டும்?

2018-இல் அது நடைமுறைக்கு வந்ததிலிருந்து கேள்வி "தவறினாரா?" என்பதல்ல, "எவ்வளவு வராமல் போகும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?" என்பது. இன்று தவணை வராத 3,00,000-இல் ஒரு சிறு பகுதி நாளைய 90 நாள் வரிசை. யார் என்றுதான் தெரியாது. வரிசையில் சுழி போட வேண்டுமானால் காரணம் காட்டுங்கள்.

மென்பொருளில் பட்டியல் எடுப்பவர்: எங்கள் 90 நாள் தாண்டிய வரிசையும் 20,000 தான். நம்பலாமா?

வரிசைக்குள் கழித்தல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் 8,000 முன்பணம் கட்டி, அது எந்த இன்வாய்ஸோடும் பொருத்தப்படாமல் கிடந்தால், பழைய தேதியோடு அந்த வரிசையிலேயே மைனஸாக உட்கார்ந்திருக்கும். மற்றவர்களின் பாக்கி 28,000, அவருடைய மைனஸ் 8,000, கூட்டுத்தொகை 20,000. ஒருவர் கட்டிய முன்பணம் இன்னொருவரின் கடனை அடைக்காது. 50 சதவீதத்தில் ஒதுக்கு 14,000 வேண்டும், நீங்கள் போடுவது 10,000. முன்பணத்தைப் பொறுப்புகள் பக்கம் நகர்த்திவிட்டுப் பட்டியலை மறுபடி எடுங்கள்.

தேதி இன்வாய்ஸிலிருந்து எண்ணப்படுகிறதா, தவணையிலிருந்தா என்பதையும் பாருங்கள். 60 நாள் தவணை கொடுத்தவரை 61-ஆம் நாள் மோசமான வரிசையில் வைப்பது அநியாயம்.

புதிய கணக்கர்: கடைசியாக ஒன்று சார். என் 20,000-இல் 12,000 ஒரே ஆளுடையது. அவர் திவால் மனு போட்டிருக்கிறார். 50 சதவீதம் போதுமா?

அவரை வரிசையிலிருந்து வெளியே எடுத்துத் தனியாக மதிப்பிடுங்கள். 20 சதவீதம்தான் தேறும் என்று ஆதாரத்தோடு நம்பினால், அவருக்கு 9,600. மீதி 8,000-க்கு 50 சதவீதம் 4,000. இரண்டும் சேர்ந்து 13,600, அதாவது முன்பு போட்டதைவிட 3,600 அதிகம். வரிசையிலும் அவரை விட்டுவைத்து இரண்டு முறை எண்ணிவிடாதீர்கள். உங்கள் 50 சதவீதமே இப்படிப்பட்ட ஆட்களையும் சேர்த்து வந்த பழைய அனுபவம் என்றால், அவர்களை எடுத்த பிறகு மீதிக்கு அது அதிகமாக இருக்கலாம். பழைய போக்கெழுத்துகளில் திவாலானவர்களை நீக்கிவிட்டு அந்தச் சதவீதத்தை மறுபடி போட்டுப் பாருங்கள்.