மறுப்பது உங்களை அல்ல, தெரியாத ஒருவரை

கேள்வி: என் சொந்தப் புகைப்படத்தைக் கொடுத்து "இதே ஆளைக் கோட் சூட்டில் காட்டு" என்றாலும் சில ஏஐ படச் செயலிகள் முடியாது என்கின்றன. பிரபலங்களின் பெயரைச் சொன்னாலும் அதே கதைதான். கார்ட்டூனாகக் கேட்டால் மட்டும் செய்து தருகின்றன. இதில் என்ன லாஜிக்?

பதில்:

புகைப்படங்களைத் திருத்தும் செயலி ஒன்றில், செயலி மறுத்த கோரிக்கைகளைப் படித்துப் பார்க்கும் குழுவில் இரண்டு வருடம் இருந்தேன். "சரியாகத்தான் மறுத்திருக்கிறது", "அநியாயமாக மறுத்திருக்கிறது" என்று குறிக்க வேண்டியதுதான் வேலை. கேட்க எளிது. முதல் வாரத்திலேயே திணறிவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு பெண்ணின் புகைப்படம் வருகிறது. கூடவே ஒரு வரி: "இவர் கடற்கரையில் நீச்சலுடையில் நிற்பது போல மாற்று." அனுப்பியவர் அந்தப் பெண்ணாகவே இருக்கலாம், ஊர் சுற்றிவந்த நினைவுக்கு ஒரு படம் வேண்டும் என்று நினைத்திருப்பார். பிரிந்துபோன கணவராகவும் இருக்கலாம். கூட வேலை பார்ப்பவராகவும் இருக்கலாம். என் திரையில் தெரிவது இரண்டு நேரத்திலும் ஒன்றேதான்: ஒரு முகம், ஒரு வாக்கியம். மனிதன் நானே இப்படி முழித்தேன் என்றால் மென்பொருள் என்ன செய்யும்? படத்தில் இருப்பவர் சம்மதித்தாரா என்ற ஒரே ஒரு தகவல்தான் முக்கியம். அது படத்திலும் இல்லை, வாக்கியத்திலும் இல்லை. உங்கள் கோட் சூட் படத்துக்கு வந்த மறுப்பும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

பிரபலங்கள் விஷயத்தில் இது இன்னும் சுலபமாக இருக்க வேண்டும் அல்லவா? பெயர்ப் பட்டியல் ஒன்றை வைத்துத் தடுத்துவிடலாமே என்று தோன்றும். அது எப்படி உடைகிறது என்பதற்கு 2024 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் போலி ஆபாசப் படங்கள் எக்ஸ் தளத்தில் பரவின. ஒரே ஒரு பதிவு மட்டும் நீக்கப்படுவதற்கு முன் 4.5 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டது. கடைசியில் அவர் பெயரைத் தேடுவதையே அந்தத் தளம் சில நாள் முடக்கி வைத்தது. படங்கள் எப்படி உருவாயின என்று செய்தியாளர்கள் தோண்டியபோது, மைக்ரோசாஃப்ட்டின் டிசைனர் என்ற இலவசக் கருவி அடிபட்டது. அதில் பெயர்த் தடை இருக்கத்தான் செய்தது. பெயரைக் கொஞ்சம் மாற்றி எழுதியும், ஆபாசமான சொல் எதையும் போடாமல் காட்சியை மட்டும் சுற்றி வளைத்து விவரித்தும் ஆட்கள் அதைத் தாண்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டைகளை அடைத்தது.

ஓட்டையை அடைப்பது என்றால் வலையின் கண்ணைச் சிறிதாக்குவது. அப்போது சிறு மீனும் சிக்கும். எங்கள் வரிசையில் வந்த அநியாய மறுப்புகளில் நிறைய இப்படிப்பட்டவைதான். அரசியல்வாதி ஒருவரின் பெயரையே தனக்கும் வைத்திருக்கும் சாதாரண மனிதர், தன் பிறந்தநாள் வாழ்த்து அட்டையில் பெயர் போடக் கேட்டு மாட்டிக்கொள்வார். (பாவம், ஒருவர் ஏழு முறை முயன்றிருந்தார். ஏழாவது வரியில் செயலியை வசைபாடியிருந்தார். அதையும் நான் படிக்க வேண்டியிருந்தது.)

மறுப்பு எந்த இடத்தில் வந்தது என்பதை ஓரளவு ஊகிக்கலாம். வாக்கியத்தை அனுப்பிய கணமே முடியாது என்று வந்தால், பெரும்பாலும் எழுத்தைப் பார்க்கும் ஃபில்டர் பிடித்திருக்கிறது. படத்தை ஏற்றும்போதே நின்றால், ஏற்றிய படத்தில் இருந்த எதுவோ காரணம். படம் பாதி உருவாகித் திடீரென்று மறைந்தால், உருவான படத்தையே சோதிக்கும் கடைசிக் கட்டத்தில் சிக்கியிருக்கிறது. வார்த்தைகளை மாற்றி எழுதிப் பார்ப்பது பெரும்பாலும் முதல் வகைக்குத்தான் உதவும்.

சரி, "இது நான்தான்" என்று நிரூபிக்க ஒரு வழி வைக்கலாமே? வைக்கலாம். ஆனால் உங்கள் முகத்தை அளந்து, அந்த அளவைச் சேமித்து, ஏற்றிய படத்தோடு ஒப்பிட வேண்டும். முக அளவு என்பது கைரேகை மாதிரி. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2008 முதலே எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் அதைச் சேகரிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. மீறினால் பாதிக்கப்பட்டவரே வழக்குப் போடலாம். ஐரோப்பாவிலும் ஒருவரை அடையாளம் காணப் பயன்படும் முகத் தரவுக்குத் தனிக் கெடுபிடி. அதாவது ஒருவரின் முகத்தைக் காப்பாற்றுவதற்காக எல்லோருடைய முகத்தையும் சேகரிக்க வேண்டிய நிலை. பல நிறுவனங்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, பேசாமல் மறுத்துவிடுவதே மலிவு என்று முடிவு செய்கின்றன. கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் செலவுக் கணக்கும் இருக்கிறது என்பதை மறைப்பானேன்.

துணிந்து இறங்கியவர்களும் உண்டு. 2025 செப்டம்பரில் ஓபன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட சோரா வீடியோ செயலியில் உங்கள் உருவத்தைப் பயன்படுத்த வேண்டும் என்றால், நீங்களே கேமரா முன் தலையைத் திருப்பி, திரையில் காட்டும் எண்களைப் படித்துப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. உங்கள் உருவத்தை யார் பயன்படுத்தலாம் என்பதையும் நீங்களே தீர்மானிக்க முடிந்தது. உயிரோடு இருப்பவர்களுக்கு நல்ல யோசனைதான். ஆனால் இறந்துபோன பிரபலங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இருக்கவில்லை. அக்டோபரிலேயே மார்ட்டின் லூதர் கிங்கை இழிவுபடுத்தும் வீடியோக்கள் வந்து, அவருடைய குடும்பத்தின் தரப்பு கேட்டுக்கொண்டதால் அவர் உருவத்தை நிறுத்தி வைத்தார்கள். இறந்தவரால் எண்களைப் படிக்க முடியாது. அவர் சார்பில் யார் சம்மதிப்பது என்பதற்கு இன்றுவரை தெளிவான பதில் இல்லை.

கோடு ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. 2023-இல் ஓபன்ஏஐ வெளியிட்ட டால்-ஈ 3 என்ற படக் கருவி, பிரபலத்தின் பெயர் சொன்னாலே மறுத்தது. அதே நிறுவனம் 2025 மார்ச்சில் கொள்கையை மாற்றி, வயதுவந்த பிரபலங்களைப் பொதுவாக அனுமதித்தது. வேண்டாம் என்பவர்கள் சொல்லி விலகிக்கொள்ளலாம் என்றது. மிட்ஜர்னி என்ற இன்னொரு படக் கருவியோ 2024 அமெரிக்கத் தேர்தலை முன்னிட்டு பைடன், டிரம்ப் இருவர் பெயரையும் தடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு டிரம்ப்பைக் காவலர்கள் இழுத்துச் செல்வது போன்ற படங்கள், நடக்காத கைதை நடந்ததாகக் காட்டிப் பரவியிருந்தன.

கார்ட்டூனுக்கு விதி தளர்வதும் இதனால்தான். கோட்டோவியத்தில் ஒரு தலைவர் கைதாவதைப் பார்த்து யாரும் உறவினருக்குப் போன் செய்து "செய்தி பார்த்தாயா" என்று கேட்க மாட்டார்கள். கேலிச்சித்திரத்துக்கு ஒரு பெரிய மூக்கே போதுமான அறிவிப்பு. ஆபாசம் என்றால் மட்டும் அது கார்ட்டூனாக இருந்தாலும் பெரும்பாலானவை விடுவதில்லை. அவமானம் அச்சு அசலாக இருந்தால்தான் வரும் என்றில்லையே.

"தடையில்லாத மாடலை என் கணினியிலேயே ஓட்டிக்கொள்கிறேன், அப்புறம் இந்தத் தடைக்கு என்ன பயன்?" என்று சிலர் கேட்பார்கள். முடியும்தான். ஆனால் அதற்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், அதை நிறுவி ஓடவைக்க மல்லுக்கட்ட வேண்டும். கோபத்தில் இருக்கும் ஒருவர் இரவு பதினொரு மணிக்கு ஒரு வரி தட்டிப் படம் எடுப்பதும் இதுவும் ஒன்றல்ல. எங்கள் வரிசையில் வந்தவர்களில் பெரும்பாலோர் முதல் மறுப்போடு போய்விட்டவர்கள்.

உங்கள் படத்துக்கு வருகிறேன். அந்தப் புகைப்படத்தில் உங்களுக்குப் பின்னாலோ பக்கத்திலோ குழந்தை யாராவது இருக்கிறார்களா? சிறுவர் முகம் தெரிந்தால் பல கருவிகள் மற்ற எதையும் பார்க்காமல் மறுத்துவிடும். அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, உங்கள் முகம் மட்டும் நேராகத் தெரியும் படத்தைக் கொடுத்துப் பாருங்கள்.