மூன்றரை மணிக்கு ஸ்கூல் வாசலில் யார் நிற்பது?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் ஏஜென்சியின் கிளையில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். காலை 9.30 முதல் மாலை 6 வரை வேலை. மகன் திருப்பாதிரிப்புலியூரில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். 3.30க்கு ஸ்கூல் விடும். இதுவரை மாமியார்தான் அழைத்து வந்தார். நாத்தனார் பிரசவத்துக்காக அவர் பெங்களூர் போகிறார், பொங்கலுக்குத்தான் திரும்புவார். கணவருக்கு சிப்காட்டில் வாரம் மாறும் ஷிப்ட். நைட் ஷிப்ட் வாரத்தில் பகலில் தூங்கியாக வேண்டும். ஸ்கூல் வேனில் இடமில்லை. பையன் வீட்டுக்கு வந்துவிட்டால் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார், ஆனால் அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. "குடும்பச் சூழ்நிலை காரணமாக இரண்டாம் பருவம் முழுவதும் தினமும் 3 மணிக்கு வெளியே சென்றுவர அனுமதி வேண்டும்" என்று மேனேஜருக்கு எழுதி வைத்திருக்கிறேன். கொடுக்கத்தான் பயமாக இருக்கிறது. எப்படி எழுதினால் சரி என்பார்?
— ஒரு வாசகி, கடலூர்

பதில்:

அந்தக் கடிதத்தைக் கொடுக்காதீர்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் உங்களுக்குத் தேவையானதைப்போல மூன்று மடங்கு கேட்கிறீர்கள்.

முதலில் உங்கள் கணவரின் ஷிப்டை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். பெரும்பாலும் காலை 6 முதல் 2, மதியம் 2 முதல் 10, இரவு 10 முதல் காலை 6 என்று இருக்கும். காலை ஷிப்ட் வாரத்தில் அவர் மூன்று மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவார், ஸ்கூலுக்குப் போகலாம். நைட் ஷிப்ட் வாரத்தில் தூங்கியாக வேண்டும் என்று அவருக்காக நீங்களே எழுதிவிட்டீர்கள். காலை ஏழு மணிக்குப் படுக்கிறவர் மூன்று மணிக்கு எழுந்தால் எட்டு மணி நேரத் தூக்கம். பையனைக் கூட்டி வந்து விட்டுவிட்டு மறுபடி படுத்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. ஆக, உண்மையில் ஆள் இல்லாதது மதிய ஷிப்ட் வாரத்தில் மட்டும்தான்.

காலாண்டு விடுமுறை முடிந்து ஸ்கூல் திறப்பதிலிருந்து அரையாண்டு விடுமுறை வரை ஏறக்குறைய 12 வாரம். மூன்றில் ஒன்று என்றால் 4 வாரம், 20 வேலை நாள். "பருவம் முழுவதும் தினமும்" என்று படித்ததும் எந்த மேனேஜருக்கும் முகம் சுருங்கும். "இந்த 20 நாள்" என்று தேதியோடு பார்த்தால் அவர் காலண்டரைத்தான் எடுப்பார். அந்த இரண்டுக்கும் பதிலே வேறு.

இன்னொன்றும் இருக்கிறது. மதிய ஷிப்ட் வாரத்தில் உங்கள் கணவர் காலையில் வீட்டில்தான் இருப்பார். அந்த வாரம் பையனை ஸ்கூலில் விடுவது அவர் பொறுப்பு என்று வைத்தால், நீங்கள் சீக்கிரம் கிளம்பி 9 மணிக்கே ஆபீசில் உட்காரலாம். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. "காலையில் சீக்கிரம் வந்து ஈடு செய்கிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த நேரத்தில் பிள்ளையை ஸ்கூலில் விடுவது யார் என்று பிறகு முழிப்பார்கள். உங்களுக்கு மாலையில் இடிக்கிற வாரமும் காலையில் கை காலியாக இருக்கிற வாரமும் ஒன்றாகவே அமைந்திருக்கிறது.

இப்போது நேரக் கணக்கு. மஞ்சக்குப்பத்திலிருந்து 3.10க்கு வண்டியை எடுத்தால், கெடிலம் பாலத்து நெரிசலையும் சேர்த்து 3.30க்கு ஸ்கூல் வாசல். பையனை அக்கா வீட்டில் விட்டுவிட்டுத் திரும்ப 4.10 ஆகும். வெளியே இருப்பது ஒரு மணி நேரம். அதில் அரை மணியை 9 மணிக்கே வந்து ஈடு கட்டுங்கள். சாப்பாட்டு நேரம் முக்கால் மணி என்றால் அரை மணியில் முடித்துக்கொள்ளுங்கள், கால் மணி கிடைக்கும். மீதிக் கால் மணிக்கு மாலை 6.15 வரை இருங்கள். கணக்கு நேராகிவிட்டது. சாப்பாட்டு நேரத்தையே விட்டுவிடுகிறேன் என்று மட்டும் எழுதாதீர்கள். இரண்டாவது நாளே தலை சுற்றும். அதோடு "இவங்களுக்கு லஞ்ச் வேண்டாம்" என்பது ஆபீசில் பழக்கமாகிவிடும்.

9 மணிக்கு ஷட்டர் திறந்திருக்குமா என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். சாவி வைத்திருப்பவர் 9.20க்குத்தான் வருவார் என்றால் நீங்கள் வாசலில் நிற்கிற நேரத்தை யாரும் வேலையில் சேர்க்க மாட்டார்கள்.

சரி, மேனேஜர் பக்கம் வருவோம். உங்கள் வீட்டு நிலைமை அவருக்குப் புரியாமல் இல்லை. அவர் மனதில் ஓடுவது வேறு: 3.10க்கும் 4.10க்கும் நடுவே பில் கேட்டு ஒரு பார்ட்டி வந்தால் யார் எடுத்துக் கொடுப்பது? ஜிஎஸ்டி கட்டுகிற அன்று இவர் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இந்த இரண்டுக்கும் கடிதத்திலேயே பதில் இருக்க வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்கிற நிறுவனம் என்றால் ஜிஎஸ்டிஆர்-1க்கு 11ஆம் தேதி, 3பிக்கு 20ஆம் தேதி கெடு என்பது உங்களுக்கே தெரியும். மதிய ஷிப்ட் வாரங்களில் இந்தத் தேதிகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். அந்த நாட்களில் வெளியே போகவில்லை என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். அன்றைக்குத் தெரிந்த ஆட்டோவில் பக்கத்து வீட்டு அக்காவை அனுப்பலாம். அவரிடம் இரண்டு நாளுக்குக் கேட்கலாம். இருபது நாளுக்கும் கேட்டால் பொங்கலுக்கு முன்பே அந்த உறவு கசந்துவிடும்.

சட்டத்தில் ஏதாவது பிடி இருக்கிறதா என்று தோழிகள் யாராவது கிளப்பிவிடுவார்கள். மகப்பேறு சலுகைச் சட்டத்தில் 2017இல் வந்து, 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றிருக்கிற பிரிவு ஒன்று வீட்டிலிருந்து வேலை பார்ப்பதைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அது மகப்பேறு விடுப்பை முடித்து வருகிறவர்களுக்கு, அதுவும் முதலாளியும் ஊழியரும் பேசி ஒத்துக்கொண்டால்தான். 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பு மத்திய அரசு ஊழியர்களுக்கு உள்ளது. இரண்டாம் வகுப்புப் பிள்ளையை ஸ்கூலிலிருந்து அழைத்து வரத் தனியார் நிறுவனம் நேரம் ஒதுக்கித் தர வேண்டும் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. அதனால் உரிமை என்ற வார்த்தையே கடிதத்தில் வேண்டாம். "தயவுகூர்ந்து", "கருணையோடு" என்பதும் வேண்டாம். நீங்கள் அதே மணி நேரத்தை வேலை பார்த்துக் கொடுக்கப் போகிறீர்கள், யாசகம் கேட்கவில்லை.

மாதிரிக்கு ஒன்று எழுதித் தருகிறேன். தேதிகளை உங்கள் கணவரின் ரோஸ்டரைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

"மதிப்பிற்குரிய சார்,

என் மகனை 3.30க்கு ஸ்கூலிலிருந்து அழைத்து வரும் என் மாமியார் பொங்கல் வரை ஊரில் இருக்க மாட்டார். என் கணவருக்கு மதிய ஷிப்ட் உள்ள நான்கு வாரங்களில் மட்டும் (அக்டோபர் 5–9, அக்டோபர் 26–30, நவம்பர் 16–20, டிசம்பர் 7–11) நான் போக வேண்டியிருக்கிறது. மற்ற வாரங்களில் அவர் பார்த்துக்கொள்வார்.

இந்த நாட்களில் பிற்பகல் 3.10 முதல் 4.10 வரை வெளியே சென்றுவர அனுமதி வேண்டுகிறேன். அதற்கு ஈடாகக் காலை 9 மணிக்கு வந்து, உணவு இடைவேளையை அரை மணியாகக் குறைத்துக்கொண்டு, மாலை 6.15 வரை இருப்பேன். மொத்த வேலை நேரம் குறையாது.

ஜிஎஸ்டி கெடு நாட்களான நவம்பர் 20, டிசம்பர் 11 இரண்டிலும் வெளியே செல்ல மாட்டேன். மற்ற நாட்களில் அந்த ஒரு மணி நேரத்துக்குத் தேவைப்படக்கூடிய பில்களை 3 மணிக்குள் எடுத்துக் கவுண்டரில் வைத்துவிடுவேன். போனில் கிடைப்பேன்.

முதல் வாரம் முடிந்ததும் உங்களுக்கு இடைஞ்சலாக இருந்தால் பேசி மாற்றிக்கொள்ளலாம்."

இதற்கு மேல் நீட்டாதீர்கள். நாத்தனார் பிரசவம், வேனில் இடம் இல்லாதது எல்லாம் கடிதத்துக்கு வேண்டாம். "வேன் இல்லையாம்மா?" என்று அவர் கட்டாயம் கேட்பார், அப்போது வாயால் சொல்லுங்கள். "போனில் கிடைப்பேன்" என்று எழுதியதற்காக வண்டி ஓட்டும்போது எடுக்க வேண்டியதில்லை. ஸ்கூல் வாசலில் நின்று திரும்பக் கூப்பிட்டால் போதும்.

அவர் சரி என்ற பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது: விரல் வைக்கிற மெஷின். நடுவில் வெளியே போகும்போது பஞ்ச் வைத்தால், பல இடங்களில் சாஃப்ட்வேர் அதை அரை நாள் என்றே எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் மாதத்துக்கு இரண்டு பெர்மிஷன் என்கிற கணக்கில் கழித்துவிட்டு, மூன்றாவது நாளிலிருந்து சம்பளத்தில் கை வைக்கும். மேனேஜர் தலையாட்டியது சம்பளம் போடுகிறவருக்குத் தெரியாது. அதனால் தலைமை அலுவலகத்தில் வருகைப்பதிவு பார்ப்பவருக்கு மேனேஜரே ஒரு மெயில் போட்டு, அதில் உங்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். அக்டோபர் சம்பளச் சீட்டு வந்ததும் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். டிசம்பரில் போய் மூன்று மாதக் கணக்கைக் கிளறினால் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது.

ஸ்கூலிலும் ஒன்று கேட்டு வையுங்கள். அரையாண்டுத் தேர்வு நாட்களில் சின்ன வகுப்புகளை மதியமே விட்டுவிடுவார்களா? அப்படி விட்டால், அந்த வாரம் உங்கள் கணவருக்குக் காலை ஷிப்ட் என்று வையுங்கள், 12.30க்கு அவர் கம்பெனிக்கு உள்ளே இருப்பார். தேர்வு அட்டவணை வந்ததும் ரோஸ்டரோடு வைத்துப் பார்த்தால் இது முன்னாலேயே தெரிந்துவிடும்.

மழை விடுமுறையை இதோடு கலக்காதீர்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கடலூரில் ஆட்சியர் காலையில் விடுமுறை அறிவிப்பதை யாராலும் முன்கூட்டிக் கணிக்க முடியாது. அதற்கு உங்கள் கேஷுவல் லீவில் சில நாட்களை இப்போதிருந்தே கைவைக்காமல் வைத்திருங்கள்.

கடிதத்தை எப்போது கொடுப்பது என்றால், செப்டம்பர் 20ஆம் தேதி தாக்கல் முடிந்த மறுநாள், சாப்பாட்டுக்குப் பிறகு. முதலில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள், அப்புறம் காகிதத்தை நீட்டுங்கள். "சரிம்மா, பாத்துக்கலாம்" என்று வாயால் மட்டும் சொன்னால், அன்று மாலையே "நீங்கள் இன்று சம்மதித்தபடி" என்று தொடங்கி அந்த நான்கு வாரத் தேதிகளையும் போட்டு ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள். முடியாது என்றால் முதல் வாரத்துக்கு மட்டும் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் அந்த 20 நாளுக்கு மட்டும் ஆட்டோ பேச வேண்டியதுதான். பருவம் முழுவதற்கும் பேசுவதைவிட மூன்றில் ஒரு பங்குதான் செலவு, அதையும் கணவரோடு இப்போதே கணக்குப் போட்டு வையுங்கள்.