இரண்டும் பச்சை, சேர்ந்ததும் சிவப்பு: மெயின் பிராஞ்ச் அடைபட்ட ஒரு மதியம்

எங்கள் மெயின் பிராஞ்ச் ஒரு நாள் மதியம் 1.50 முதல் 4.30 வரை சிவப்பிலேயே கிடந்தது. அதை உடைத்த மெர்ஜ் என்னுடையது. அதற்காக நான் எழுதிய போஸ்ட்மார்ட்டம் குறிப்பைப் படித்துவிட்டுப் பலர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: இரண்டு பிராஞ்சும் தனித்தனியாகப் பச்சை, சேர்த்தால் சிவப்பு என்கிறீர்களே, அது எப்படி? எங்கேயோ கான்ஃப்ளிக்ட் மார்க்கர் ஒன்றை அழிக்காமல் விட்டிருப்பீர்கள். நன்றாகத் தேடினீர்களா?

தேடினேன். `<<<<<<<` எங்கேயும் இல்லை. கிட் கான்ஃப்ளிக்ட் என்று ஒன்றும் சொல்லவே இல்லை, சிக்கலே அதுதான். நடந்தது இவ்வளவுதான்: சக டெவலப்பர் ஒருவர் அறிவிப்பு அனுப்பும் ஃபங்ஷனுக்குப் புதிதாக ஒரு ஆர்க்யுமென்டைக் கட்டாயமாக்கினார்.

```python
# பழையது
def send_notice(user, text): ...

# மதியம் 1.10-க்குப் பிறகு
def send_notice(user, text, channel): ...
```

அவர் மாற்றிய கோப்புகள் வேறு. நான் என் பிராஞ்சில் `reminders.py` என்ற புதிய கோப்பை உருவாக்கி, அதில் அதே ஃபங்ஷனைப் பழைய மாதிரியே அழைத்திருந்தேன். கிட் வரிகளைத்தான் ஒப்பிடும். இரண்டு பேரும் ஒரே வரியைத் தொடாததால் சத்தமில்லாமல் சேர்த்துவிட்டது. சேர்ந்த பிறகு வந்தது இது:

```
TypeError: send_notice() missing 1 required positional argument: 'channel'
```

இந்த வகைக் கோளாறா என்று உறுதி செய்ய ஒரு நேரான வழி உண்டு. மெர்ஜ் கமிட்டின் இரண்டு பெற்றோரையும், அதாவது `M^1`, `M^2` இரண்டையும், தனித்தனியாக எடுத்து டெஸ்ட் ஓட்டுங்கள். இரண்டும் பச்சை, `M` மட்டும் சிவப்பு என்றால் குற்றம் எந்தப் பக்கத்திலும் இல்லை, சேர்க்கையில்தான் இருக்கிறது. `git bisect` ஓட்டினாலும் மெர்ஜ் கமிட்டில் வந்துதான் நிற்கும்.

கேள்வி: ஃபங்ஷனை மாற்றியவர் அதை அழைக்கும் எல்லா இடத்தையும் தேடியிருக்க வேண்டாமா? ரிவ்யூ செய்தவர் என்ன பார்த்தார்?

அவர் தேடினார். `git grep` போட்டு 11 இடங்களைக் கண்டுபிடித்து, பதினொன்றையும் ஒழுங்காக மாற்றினார். பன்னிரண்டாவது இடம் என் பிராஞ்சில் இருந்தது. அவர் தேடியபோது அது அவர் கண்ணுக்கே வராத கோப்பு. அவருடைய டிஃபைப் பார்த்த ரிவ்யூவருக்கு என் கோப்பு தெரியாது, என் டிஃபைப் பார்த்தவருக்கு அவர் மாற்றம் தெரியாது. குறிப்பின் முதல் வரைவில் "கவனக்குறைவு" என்று ஒரு சொல் இருந்தது. அதை நானே எடுத்துவிட்டேன், ஏனென்றால் அது உண்மை இல்லை.

கேள்வி: ஒரு சந்தேகம். கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்டுக்கு ஓடும் சி.ஐ. பிராஞ்சை மட்டும் பார்ப்பதில்லையே. மெயினோடு சேர்த்துப் பார்த்த நிலையை, `refs/pull/N/merge`-ஐத்தானே எடுத்து ஓட்டுகிறது? அப்படியானால் உங்கள் ரிக்வெஸ்டிலேயே சிவப்பு வந்திருக்க வேண்டும்.

நீங்கள் சொல்வது சரி. ஆனால் அது எப்போதைய மெயின் என்பதைப் பார்க்க வேண்டும். நான் கடைசியாகப் புஷ் செய்தது இரண்டு நாள் முன்பு. சி.ஐ. ஓடியதும் அப்போதுதான், அன்றிருந்த மெயினோடுதான். அதன்பின் மெயின் நகர்ந்ததற்காக என் ரிக்வெஸ்டுக்குச் சி.ஐ. தானாக மறுபடி ஓடவில்லை. 1.32-க்கு நான் மெர்ஜ் பொத்தானை அழுத்தியபோது கண்ணில் பட்ட பச்சை, இரண்டு நாள் பழைய பச்சை. அந்த டிக் அருகில் ஓடிய நேரத்தைப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. இப்போது பார்க்கிறேன்.

கேள்வி: ஒரே ஒரு வரிப் பிழைக்கு 2 மணி 40 நிமிடமா?

பிழையைக் கண்டுபிடிக்க ஆன நேரம் குறைவுதான், மீதியெல்லாம் நாங்கள் எடுத்த முடிவுகளில் போனது. எங்கள் டெஸ்ட் ஒரு முறை ஓட 18 நிமிடம். 1.50-க்குச் சிவப்பு வந்ததும், அவ்வப்போது காரணமில்லாமல் விழும் ஒரு டெஸ்ட்தான் வழக்கம்போல் விழுந்துவிட்டது என்று நினைத்தோம். லாகைத் திறக்காமலே மறுபடி ஓட்டினோம், அதுவும் இரண்டு முறை. 2.40-க்குத்தான் ஒருவர் லாகைப் படித்தார்.

அப்புறம் அடுத்த தவறு. "ஒரு வரிதானே" என்று `channel="email"` எனச் சேர்த்து அவசரமாக உள்ளே விட்டேன். மின்னஞ்சல் முகவரி இல்லாத பயனர்களுக்கான டெஸ்டுகள் 3.10-க்கு விழுந்தன. இதற்கிடையில் வேறு இரண்டு பேர், காலையில் வாங்கிய பச்சையை நம்பி, உடைந்த மெயின்மேலேயே மெர்ஜ் செய்துவிட்டார்கள். புதிதாகப் புஷ் செய்தவர்களின் ரிக்வெஸ்ட் எல்லாம், அவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லாமல், சிவப்பாகின. மாலைக்குள் அப்படி ஒன்பது ரிக்வெஸ்ட் தேங்கி நின்றன.

3.20-க்குத்தான் ரிவர்ட் என்று முடிவெடுத்தோம். புதியது முதலில், பழையது பிறகு:

```
git revert <அவசரத் திருத்தம்>
git revert -m 1 <மெர்ஜ் கமிட்>
```

`-m 1` என்றால் முதல் பெற்றோரான மெயின் பக்கத்தை வைத்துக்கொள் என்று பொருள். இடையில் வந்த ஒரு மெர்ஜ், நான் தொட்ட அதே கோப்பில் ஒரு இம்போர்ட் வரி சேர்த்திருந்ததால் ஒரு கான்ஃப்ளிக்ட் வந்தது, கையால் தீர்த்தோம். 1.52-க்கே ரிவர்ட் செய்திருந்தால் அந்தக் கான்ஃப்ளிக்டும் கிடையாது, இந்தக் குறிப்பும் கிடையாது. சிவப்பு என்றால் முதலில் ரிவர்ட், யோசனை பிறகு என்பதில் இப்போது நான் மிக உறுதியாக இருக்கிறேன்.

கேள்வி: ரிவர்ட் எதற்கு? மெயினைப் பழைய கமிட்டுக்கு `reset` செய்து ஃபோர்ஸ் புஷ் அடித்தால் வரலாறும் சுத்தமாக இருக்குமே.

நீங்கள் ஒருவர் மட்டும் வேலை செய்யும் ரெப்போ என்றால் சரி. இங்கே அதற்குள் பலர் மெயினைப் புல் செய்து தங்கள் பிராஞ்சில் சேர்த்துவிட்டார்கள். நான் அழித்த கமிட்கள் அவர்கள் பிராஞ்சில் உயிரோடு இருக்கும், அடுத்த மெர்ஜில் திரும்பி வந்துவிடும்.

கேள்வி: அண்ணா, குறிப்பின் கடைசியில் "மறுநாள் ஃபீச்சரில் பெரும்பகுதி காணாமல் போனது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதைக் கொஞ்சம் விளக்க முடியுமா? ரிவர்ட் செய்த பிராஞ்சை மறுபடி மெர்ஜ் செய்தால் எல்லாம் வந்துவிடாதா?

வராது தம்பி. ரிவர்ட் என்பது வரிகளைத்தான் திரும்ப எடுக்கும், வரலாற்றை எடுக்காது. என் கமிட்கள் மெயினின் வரலாற்றில் அப்படியே இருக்கின்றன. ஆகவே கிட்டைப் பொறுத்தவரை என் பிராஞ்ச் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது, அதன்பின் யாரோ வேண்டுமென்றே அந்த வரிகளை நீக்கியிருக்கிறார்கள்.

மறுநாள் காலை என் பிராஞ்சில் `reminders.py`-ஐ ஒழுங்காகத் திருத்தி ஒரு கமிட் போட்டேன். பிறகு மெயினை என் பிராஞ்சுக்குள் மெர்ஜ் செய்தேன். வந்தது இது:

```
CONFLICT (modify/delete): reminders.py deleted in main and modified in HEAD.
```

அந்தக் கோப்பை வைத்துக்கொள் என்று தீர்த்தேன். டெஸ்ட் பச்சை. நிம்மதியாக ரிக்வெஸ்ட் திறந்தேன். ரிவ்யூவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த ஃபீச்சர் 14 கோப்புகள் இல்லையா, இங்கே ஒன்றுதானே இருக்கிறது?" மற்ற பதின்மூன்றையும் நான் அதன்பின் தொடவில்லை, அதனால் மெயினின் ரிவர்ட் அவற்றைக் கேள்வி கேட்காமல் நீக்கிவிட்டது. நீங்கியவற்றில் என் டெஸ்ட் கோப்புகளும் இருந்தன. அதனால்தான் பச்சை! அன்று என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது முந்தைய நாள் சிவப்பு அல்ல, இந்தப் பச்சைதான்.

சரியான வழி, மெயினிலிருந்து புதுப் பிராஞ்ச் எடுத்து, ரிவர்ட்டையே ரிவர்ட் செய்வது:

```
git switch -c reminders-again main
git revert <மெர்ஜை ரிவர்ட் செய்த கமிட்>
```

பதினான்கு கோப்பும் திரும்பி வரும். அதன் மேல் திருத்தத்தைப் போட வேண்டும். கிட்டின் சொந்த ஆவணங்களிலேயே `revert-a-faulty-merge` என்று இதற்கென ஒரு பக்கம் இருக்கிறது. ஒரு மெர்ஜை ரிவர்ட் செய்யும் நாளிலேயே அதைப் படித்துவிடுங்கள், மறுநாள் வரை விட வேண்டாம்.

கேள்வி: நாங்கள் எப்போதும் ஸ்க்வாஷ் மெர்ஜ்தான் ப்ரோ. அதில் இந்த மாதிரி எதுவுமே நடக்காது. நீங்களும் மாறிவிடுங்கள்.

பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். ஸ்க்வாஷில் மெயினுக்குப் போவது ஒரே ஒரு சாதாரணக் கமிட், ஆகவே `-m 1` தேவையில்லை. உங்கள் பிராஞ்சின் கமிட்கள் மெயின் வரலாற்றில் நுழையாததால், அதே பிராஞ்சைப் பின்னர் மறுபடி மெர்ஜ் செய்தாலும் மாற்றங்கள் வந்துவிடும். மறுநாள் தொல்லை எனக்கு மிச்சமாகியிருக்கும். ஆனால் ரிவர்ட் வந்த மெயினை இடையில் உங்கள் பிராஞ்சுக்குள் இழுக்கும்போது டிஃபைப் பார்க்கத்தான் வேண்டும். மதியச் சிவப்போ அப்படியே வந்திருக்கும். அழைக்கும் வரி பழையது, ஃபங்ஷன் புதியது, அதை எந்த வடிவில் சேர்த்தாலும் உடையும். ரீபேஸ் பற்றி இன்னொருவர் கேட்டிருந்தார், அவருக்கும் இதே பதில்: ரீபேஸ் செய்துவிட்டு டெஸ்டை மறுபடி ஓட்டினால்தான் பிடிபடும்.

கேள்வி: எங்களுக்கு ஜாங்கோவில் இதே மாதிரி நடந்தது. இரண்டு பேர் 0042 என்று ஆளுக்கொரு மைக்ரேஷன் எழுதி, கிட் எதுவும் சொல்லாமல் இரண்டையும் சேர்த்துவிட்டது. `migrate` கொடுத்தால் "Conflicting migrations detected" என்று நின்றுவிட்டது. நாங்களும் ரிவர்ட்தான் செய்திருக்க வேண்டுமா?

அதே ரகம்தான். கோப்புப் பெயர் வேறு, ஆகவே கிட்டுக்குக் கான்ஃப்ளிக்ட் இல்லை, ஜாங்கோவுக்கு உண்டு. உங்கள் விஷயத்தில் நான் ரிவர்ட்டை அவ்வளவு எளிதாகச் சொல்ல மாட்டேன். அந்த மைக்ரேஷன்களில் ஒன்று ஏதாவது டேட்டாபேஸில் ஏற்கெனவே ஓடியிருந்தால், நிரலை ரிவர்ட் செய்வதால் டேபிள் பழைய நிலைக்குப் போகாது. இரண்டும் ஒன்றையொன்று தொடாதவை என்றால் `makemigrations --merge` போதும். இரண்டும் ஒரே நெடுவரிசையை மாற்றுகிறதா என்று மட்டும் முதலில் திறந்து படியுங்கள்.

கேள்வி: சரி, மெர்ஜ் க்யூ போட்டுவிட்டீர்களா? போட்டால் தீர்ந்தது.

இன்னும் இல்லை, அணிக்குள் வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. க்யூ செய்வது சரியான வேலைதான்: வரிசையில் முன்னால் நிற்பவற்றையும் சேர்த்த நிலையில் டெஸ்ட் ஓட்டி, பச்சையானால்தான் மெயினை நகர்த்தும். எங்கள் பிழை அதில் நிச்சயம் சிக்கியிருக்கும். ஆனால் காரணமில்லாமல் விழும் அந்த ஒரு டெஸ்ட் இருக்கும்வரை, நல்ல ரிக்வெஸ்டும் வரிசையிலிருந்து வெளியே தள்ளப்படும், பின்னால் நிற்பவர்களுக்கு மறுபடி 18 நிமிடம். மெயினோடு ஒத்திசைந்த பிராஞ்சை மட்டும் மெர்ஜ் செய்யவிடும் அமைப்பை ஒரு வாரம் போட்டுப் பார்த்தோம். ஒருவர் மெர்ஜ் செய்ததும் மற்ற எல்லாரும் புதுப்பித்துக் காத்திருக்க, அதற்குள் இன்னொருவர் முந்திவிடுகிறார். அதை எடுத்துவிட்டோம்.

இப்போதைக்கு, பலர் அழைக்கும் ஃபங்ஷனில் புது ஆர்க்யுமென்டை முதல் நாளே கட்டாயமாக்குவதில்லை. இயல்பு மதிப்போடு சேர்த்து, பழைய மாதிரி அழைத்தால் எச்சரிக்கை வரும்படி வைக்கிறோம். அப்போது திறந்திருந்த பிராஞ்ச்கள் எல்லாம் உள்ளே வந்த பிறகுதான் கட்டாயமாக்குகிறோம். தவறான இயல்பு மதிப்பு யார் கண்ணிலும் படாமல் வேலை செய்துவிடுமே என்று ஒருவர் மறுக்கிறார். என் `channel="email"` அப்படித்தான் பொருத்தமில்லாத மதிப்பு, அன்று டெஸ்ட் இருந்ததால் தெரிந்தது. அவருக்குச் சொல்ல என்னிடம் இன்னும் நல்ல பதில் இல்லை. காரணமில்லாமல் விழும் அந்த டெஸ்டைச் சரிசெய்யும் வேலையை நான் எடுத்திருக்கிறேன். அது முடிந்ததும் க்யூவைப் போட்டுப் பார்க்கலாம் என்பதுவரை இருவரும் ஒத்துக்கொண்டிருக்கிறோம்.