PDF/A-2u போதும், ஆனால் உள்ளே இருக்கும் எழுத்தை எடுத்துப் பாருங்கள்

கேள்வி: எங்கள் சங்கத்தின் தீர்மானங்களும் கணக்கறிக்கைகளும் இன்னும் 40, 50 வருடம் கழித்தும் படிக்க முடிய வேண்டும். சேமிக்கும்போது PDF/A-1b, 2b, 2u, 3b என்று பட்டியல் வருகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது? சரிபார்ப்புக் கருவியில் பாஸ் ஆகிவிட்டால் போதுமா?

உங்கள் ஆவணங்கள் கணினியில் தட்டச்சு செய்தவை என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்: PDF/A-2u. வெறும் ஸ்கேன் படங்கள் மட்டும்தான் என்றால் 2b. இரண்டாவது கேள்விக்குப் பதில், போதாது. அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அந்தப் பெயர்களைப் பிரித்துப் பார்த்துவிடலாம். எண் என்பது ஐஎஸ்ஓ 19005 தரத்தின் பகுதி எண். 1 வந்தது 2005-ல், 2 வந்தது 2011-ல், 3 அதற்கு அடுத்த வருடம், 4 வந்தது 2020-ல். புதியது வந்ததால் பழையது செல்லாது என்று பொருள் இல்லை. 1b-யில் இருக்கும் நல்ல கோப்பை 2-க்கு மாற்றியே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எல்லாப் பகுதிகளும் அடிப்படையில் ஒன்றைத்தான் கேட்கின்றன: பக்கத்தைக் காட்டத் தேவையான எழுத்துரு, நிற விவரம் எல்லாம் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும், கடவுச்சொல் பூட்டு இருக்கக் கூடாது.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துதான் வாக்குறுதியின் அளவு. b என்றால் பக்கம் கண்ணுக்கு அப்படியே தெரியும், அவ்வளவுதான். u என்றால் அதோடு சேர்த்து, ஒவ்வொரு எழுத்து வடிவத்துக்கும் அது எந்த யூனிக்கோடு எழுத்து என்ற குறிப்பும் உள்ளே இருக்கும். a என்றால் தலைப்பு, பத்தி, அட்டவணை என்ற கட்டமைப்பும் இருக்கும். பார்வையற்றவர்கள் திரைவாசிப்பானில் கேட்பார்கள் என்றால் a நல்லது. ஆனால் அந்தக் கட்டமைப்பை ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். தானாக உருவான கட்டமைப்பை வைத்துக்கொண்டு a என்று முத்திரை குத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஏன் 1 வேண்டாம் என்கிறேன்? முதல் பகுதியில் ஒளிபுகும் படங்களுக்கு இடமில்லை. தீர்மானத்தின் கீழே சங்கத்தின் முத்திரையைப் பின்னணி இல்லாத படமாக வைத்திருப்பீர்கள். அதை 1b-க்கு மாற்றும்போது பல மென்பொருள்கள் முத்திரையையும் அதன் அடியில் இருக்கும் வரிகளையும் ஒன்றாக உருக்கிப் படமாக்கிவிடும். பார்க்க ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த வரிகள் இனி எழுத்து இல்லை, தேடினாலும் கிடைக்காது. இரண்டாம் பகுதியில் இந்தத் தொல்லை இல்லை.

இப்போது என் அனுபவம். நான் ஆவணக் காப்பு வேலை பார்த்த ஒரு அமைப்பில், பழைய தீர்மானக் கோப்புகளை மாற்றித் தரும் பொறுப்பை வெளியார் ஒருவரிடம் கொடுத்திருந்தார்கள். கோப்புகள் வந்தன. எல்லாமே PDF/A-2u, ஒவ்வொன்றுக்கும் சரிபார்ப்புச் சான்று. நிர்வாகக் குழு பணத்தைக் கொடுக்கத் தயாராக இருந்தது. நான் ஒரு கோப்பைத் திறந்து, கண் முன்னால் தெரிகிற 'தமிழ்' என்ற சொல்லைத் தேடினேன். கிடைக்கவில்லை. வரியை நகலெடுத்து வேறொரு இடத்தில் ஒட்டினேன். வந்தது இது:

```
jkpo;
```

பழைய எழுத்துருக்களில் வேலை பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும், இது பாமினி. யூனிக்கோடு பரவுவதற்கு முன் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்தார்கள். `j` இருக்கும் இடத்தில் 'த' வடிவம், `;` இருக்கும் இடத்தில் புள்ளி. கோப்பின் பார்வையில் அங்கே இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான்.

இதைச் சொன்னதும் வந்த பதில், "சார், கருவி பாஸ் என்று சொல்கிறதே, தரத்தில் என்ன குறை?" தரத்தில் குறை இல்லை என்பதுதான் விஷயமே. u கேட்பது, ஒவ்வொரு வடிவத்துக்கும் யூனிக்கோடு குறிப்பு இருக்கிறதா என்று. இருக்கிறது: இது `j`, இது `k`. வடிவம் 'த' போல இருக்கிறதே என்று கருவி பார்க்காது, பார்க்கவும் முடியாது. அது பொய் சொல்லவில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வியை அதனிடம் கேட்கவில்லை. இதைச் சொன்னால் சரிபார்ப்பையே குறை சொல்கிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். இல்லை. வெராபிடிஎஃப் நல்ல கருவி, திறமூலம், நான் இன்றும் எல்லாக் கோப்பையும் அதில் ஓட்டித்தான் ஏற்கிறேன். அதன் பிறகு இன்னும் இரண்டு கட்டளைகள் ஓட்டுகிறேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

```
verapdf -f 2u --format text theermanam.pdf
pdffonts theermanam.pdf
pdftotext -enc UTF-8 theermanam.pdf -
```

முதல் வரியில் `PASS` வர வேண்டும். இரண்டாவது, கோப்பில் உள்ள எழுத்துருக்களைப் பட்டியலிடும். அதில் `emb` என்ற பத்தியில் எல்லாம் `yes` இருந்தால் எழுத்துரு உள்ளே இருக்கிறது. பெயர்ப் பத்தியையும் படியுங்கள். Bamini போன்ற பழைய பெயர் கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். மூன்றாவதுதான் உண்மையான சோதனை. அது கோப்பிலிருந்து எழுத்தை மட்டும் வெளியே எடுத்துக் காட்டும். பக்கத்தை ஒரு புறமும் இதை ஒரு புறமும் வைத்துக்கொண்டு சில பத்திகளைப் படியுங்கள்.

படிக்கும்போது எ, ஏ, ஐ, ஒ, ஓ குறிகள் வரும் சொற்களைத் தேடிப் பாருங்கள். யூனிக்கோடு எழுத்துருவில் செய்த கோப்பிலும் குழப்பம் வரும் இடம் இது. 'பொருள்' என்று தட்டச்சு செய்தால் கணினி 'ப' முதலில், அதன் பிறகு 'ொ' என்று வைத்துக்கொள்கிறது. ஆனால் தாளில் கொம்பு முதலில், 'ப' அடுத்து, கால் கடைசியில். பிடிஎஃப் என்பது வரைந்த வரிசையைச் சேமிக்கும் வடிவம். அதனால் சில மென்பொருள்கள் உருவாக்கிய கோப்பில் எழுத்தை எடுத்தால், கொம்பு முன்னால் போய் `ெபாருள்` என்று வரும். ஒவ்வொரு வடிவத்துக்கும் குறிப்பு இருப்பதால் இதுவும் 2u-வில் தேறும். ஆனால் 'பொருள்' என்று தேடினால் கிடைக்காது.

இதற்கு மருந்து தரத்துக்குள்ளேயே இருக்கிறது. `ActualText` என்ற குறிப்பை அந்த வடிவக் கூட்டத்தோடு சேர்த்து எழுதினால், "இதன் உண்மையான எழுத்து 'பொ'" என்று கோப்பு சொல்லிவிடும். இதை எழுதும் மென்பொருளும் உண்டு, எழுதாததும் உண்டு. உங்களிடம் இருப்பது எந்த ரகம் என்று அறிய, 'பொருள், கேள்வி, தொகை, சபை' என்று நான்கு சொல்லைத் தட்டச்சு செய்து சேமித்து, மேலே சொன்ன மூன்றாவது கட்டளையை ஓட்டுங்கள். நூற்றுக்கணக்கான கோப்புகளை மாற்றுவதற்கு முன் இதைச் செய்துவிடுவது நல்லது.

சரி, அந்தப் பாமினிக் கோப்புகளுக்கு என்ன செய்தோம்? நல்ல வேளையாகப் பெரும்பாலானவற்றின் மூல ஆவணங்கள் இருந்தன. அவற்றை யூனிக்கோடுக்கு மாற்றி, யூனிக்கோடு எழுத்துரு போட்டு, மறுபடியும் 2u-வாக எடுத்தோம். மாற்றும்போது ஒரு எச்சரிக்கை: முழு ஆவணத்தையும் மாற்றியில் கொட்டாதீர்கள். நடுவில் உண்மையான ஆங்கிலச் சொற்கள், கணக்கு எண்ணில் வரும் ஆங்கில எழுத்துகள் எல்லாம் இருக்கும். அவையும் தமிழாக மாறிச் சிதைந்துவிடும். எந்தப் பகுதி பாமினி எழுத்துருவில் இருக்கிறதோ அதை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு பெயர்களையும் தொகைகளையும் ஒரு மனிதர் ஒப்பிட்டுப் படித்தே ஆக வேண்டும். மூலம் தொலைந்துபோன கோப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின் பக்கப் படத்தின் மேல் எழுத்துணரி மூலம் கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கு சேர்த்து இன்னொரு படி எடுத்தோம். எழுத்துணரியும் தவறும், அதனால் அந்தப் படியைத் தேடுவதற்கு மட்டும்தான் வைத்திருக்கிறோம்.

உங்கள் மென்பொருளின் பட்டியலில் 2u இல்லை, 2b மட்டும்தான் இருக்கிறது என்றால் பதற வேண்டாம். 2b, யூனிக்கோடு குறிப்பு கட்டாயமில்லை என்கிறது. இருக்கக் கூடாது என்று சொல்லவில்லை. எழுத்தை எடுத்துப் பார்த்துச் சரியாக வந்தால் அந்த 2b கோப்பு, என் பார்வையில், சான்றோடு வந்த அந்த 2u கோப்புகளைவிட மேல். 3b பற்றிக் கேட்டிருந்தீர்கள்: கோப்புக்குள் வேறு எந்த வகைக் கோப்பையும் இணைக்கலாம் என்பதுதான் அதில் கூடுதல். கணக்கறிக்கையோடு அதன் விரிதாளையும் சேர்த்து வைக்க வேண்டும் என்றால் பயன்படும். ஆனால் அந்த விரிதாள் 50 வருடம் கழித்துத் திறக்கும் என்று தரம் உறுதி சொல்லவில்லை. பக்கத்துக்குத்தான் உறுதி. நீங்கள் ஆவணங்களை வேறு காப்பகத்திடம் ஒப்படைக்கப் போகிறீர்கள் என்றால் 4-ஐ ஏற்பார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, கேட்காததுதான், ஆனால் மனதில் கிடக்கிறது. நன்றாக எழுத்தாக இருக்கும் ஆவணத்தை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, சாய்வாக ஸ்கேன் செய்து, அதை "காப்பகப் பிரதி" என்று அனுப்புகிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. இருந்த எழுத்து முழுவதும் படமாகிவிடுகிறது. கையெழுத்திட்ட தாள் சட்டத்துக்கு வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனால் மூலத்திலிருந்து நேரடியாக எடுத்த 2u பிரதியையும் பக்கத்தில் வையுங்கள். மின்கையொப்பம் போடுபவராக இருந்தால் முதலில் 2u-வாக மாற்றி, எழுத்தைச் சோதித்து, அதற்குப் பிறகு கையொப்பம் போடுங்கள். கையொப்பம் போட்ட கோப்பை மாற்றியில் கொடுத்தால் கோப்பு புதிதாக எழுதப்படும், கையொப்பம் செல்லாமல் போய்விடும்.